நள்ளிரவில் "மாரடைப்பு" என்று ஓடிய மளிகைக் கடைக்காரர்!
இதயத்தில் கோளாறு இல்லை, தோள்பட்டையில் கடன்!

கூட்டேரிப்பட்டு:

இரவு மணி 2. சென்னை–திருச்சி ரோட்டில் லாரிகள் மட்டும் ஓடிக் கொண்டிருந்த நேரம். கூட்டேரிப்பட்டில் ஒரு வீட்டில் திடீரென்று விளக்கு எரிந்தது. 46 வயது மளிகைக் கடைக்காரர் ஒருவர் இடது தோளைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "என்னாங்க, என்னா பண்ணுது?" என்று மனைவி பதறினார். "தோளு இழுக்குது, மாரு அடைக்குது. 108-க்கு போன் பண்ணு" என்றார் கடைக்காரர்.

அவ்வளவுதான். தெருவே விழித்துக் கொண்டது. ஆம்புலன்ஸ் வந்தது. பள்ளிக்கூடம் போகும் மகள் நைட்டியோடு கூடவே ஏறிக் கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் உடனே இ.சி.ஜி. எடுத்தார்கள். கோளாறு இல்லை. ரத்தம் எடுத்தார்கள். மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். இதயத் தசை அடிபட்டால் 'ட்ரோபோனின்' என்ற புரதம் ரத்தத்தில் கசியும். அது ஏறுவதற்குச் சில மணி நேரம் ஆகும் என்பதால் ஒரு முறை பார்த்து விட்டு அனுப்பி விட மாட்டார்கள். இரண்டு முறையும் சரியாகவே இருந்தது. மாரடைப்பு இல்லை.

ஆனால் வலி இருந்தது!

"அப்போ எனக்கு என்னா தான் சார்?" என்று கேட்டார் கடைக்காரர். டியூட்டியில் இருந்த டாக்டர் அவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "நீங்க ரெண்டு தோளையும் காதுக்கிட்ட தூக்கி வெச்சிக்கினே உட்கார்ந்திருக்கீங்க. எத்தினி மாசமா இப்படி?" என்று திருப்பிக் கேட்டார்.

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோள் தூக்கியிருப்பது அவருக்கே தெரியாது.

எப்படி ஆரம்பித்தது?

கதை 2024-ஆம் வருடம் நவம்பர் 30-ந் தேதி இரவு தொடங்குகிறது. பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த ராத்திரி அது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் அரை மீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2-ந் தேதி விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் ரெயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி, ரெயில்கள் நின்றன. அரசூர் பக்கம் தென்பெண்ணை வெள்ளம் ஏறி, நெடுஞ்சாலையில் போக்குவரத்து நின்றது. அந்தச் செய்திகளை எல்லாம் வாசகர்கள் படித்திருப்பார்கள்.

பத்திரிகையில் வராத செய்தி, நமது கடைக்காரரின் கடைக்குள் புகுந்த முழங்கால் அளவுத் தண்ணீர். தரையில் அடுக்கி இருந்த 25 கிலோ அரிசி மூட்டைகள் ஊறிப் போயின. சர்க்கரை கரைந்தே போயிற்று. துவரம் பருப்பு ஊறி வீணாயிற்று. பிரிட்ஜின் மோட்டார் போயிற்று. அவர் நோட்டில் எழுதி வைத்திருக்கும் கணக்குப்படி நஷ்டம் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். ரேஷன் கார்டுக்கு அரசு கொடுத்த 2 ஆயிரம் ரூபாய் நிவாரணம் வீட்டுச் செலவுக்குப் போயிற்று. கடைச் சரக்குக்கு இன்சூரன்ஸ் கிடையாது.

திண்டிவனம் மொத்த வியாபாரி பழைய பாக்கியைக் கொடுத்தால்தான் புதுச் சரக்கு என்று சொல்லி விட்டார். பொங்கல் வியாபாரத்தை விட முடியுமா? தண்டல் வாங்கினார். 10 ஆயிரம் ரூபாய் என்று எழுதி, கையில் 8,500 கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். இவர் மூன்று பேரிடம் வாங்கினார். ஆக, வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ராத்திரி 8 மணிக்கு 300 ரூபாய் எடுத்து வைத்தாக வேண்டும். நூறு நாள் முடிவதற்குள் பழையதை அடைக்க இன்னொரு தண்டல். சக்கரம் சுற்றத் தொடங்கியது.

அவர் நிருபரிடம் கூறியதாவது:-

"தம்பி, முதல்ல தோள்தான். சாயங்காலம் ஆறு மணி ஆனா பிடரியில யாரோ கை வெச்சி அமுக்குற மாதிரி இருக்கும். அப்பறம் முதுகு. அப்பறம் உடம்பு பூரா அடிச்சிப் போட்ட மாதிரி. மூட்டை தூக்குறதுனாலன்னு நெனச்சேன். ஆனா மூட்டையே வரலை தம்பி, சரக்கு எங்க இருந்துச்சி தூக்க? ராத்திரி 12 மணிக்குப் படுப்பேன். ரெண்டு மணி வரைக்கும் கணக்கு ஓடும். நாலு மணிக்குப் பால் வண்டி. நடுவுல ரோட்டுல பைக் சத்தம் கேட்டா, தண்டல்காரர் பைக்கோன்னு முழிப்பு வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு அவர் எதுக்கு வரப் போறாரு? இருந்தாலும் முழிப்பு வரும்."

இந்தக் கடைசி வரியை வாசகர்கள் கவனிக்க வேண்டும். விஷயம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

தசைக்குள் நடப்பது என்ன?

ஆபத்து என்று மூளை முடிவு செய்தால் உடம்பு தயார் ஆகிறது. சிறுநீரகத்தின் தலைப்பில் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி இரண்டு சரக்குகளை ரத்தத்தில் விடுகிறது. ஒன்று அட்ரினலின், நொடியில் வேலை செய்யும். இன்னொன்று கார்ட்டிசால், நிதானமாக வந்து நெடுநேரம் நிற்கும். இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலே ஏறுகிறது, தசை இறுகுகிறது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் கேனன் என்பவர் 1915-லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அடி அல்லது ஓடு! அதற்கான ஏற்பாடு இது.

பாம்பைக் கண்டால் இது நல்ல ஏற்பாடு. ஓடி முடித்தால் பத்து இருபது நிமிடத்தில் எல்லாம் அடங்கி விடும். ஆனால் தண்டல்காரரைக் கண்டு ஓட முடியாது. கல்லாவில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இறுகிய தசை இறுகியபடியே இருக்கிறது.

அதிலும் முதலில் மாட்டுவது ட்ரப்பீசியஸ் என்ற தசை. பிடரியில் தொடங்கி, இரண்டு தோள் முனைக்கும் விரிந்து, நடு முதுகு வரை இறங்கும் அகலத் தசை. யாராவது திட்டினால் நம்மை அறியாமல் தோளைக் குறுக்கிக் கொள்கிறோமே, அதைச் செய்வது இதுதான். பயத்தில் மூச்சு வயிற்றில் இல்லாமல் மேல் மார்பில் ஓடும்போது, விலாவைத் தூக்கிக் கொடுக்கக் கழுத்துத் தசைகளும் கூடச் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒரு நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்றால், ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளலாம்.

சரி, லேசாக இறுகி இருந்தால் என்ன? மூட்டை தூக்குகிறவனுக்கே வராத வலி, சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு வருமா?

வரும். இதற்கு ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த ஹேக் என்ற ஆராய்ச்சியாளர் 1991-ல் ஒரு விளக்கம் சொன்னார். ஒரு தசை முழுவதும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. அது சிறு சிறு கோஷ்டிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒரு நரம்பு. லேசான வேலை என்றால் சின்னக் கோஷ்டிகள் மட்டும் முதலில் கிளம்பும். வேலை கூடினால் பெரிய கோஷ்டிகள் வந்து சேரும். வேலை குறைந்தால் பெரியவை முதலில் கிளம்பிப் போய் விடும். சின்னவை கடைசி வரை நிற்கும்.

கடையில் எடுபிடிப் பையன் இருக்கிறானே, அவன் கதைதான். காலையில் ஷட்டரைத் திறப்பது அவன். ராத்திரி பெருக்கி விட்டுப் பூட்டுவதும் அவன். நடுவில் கூட்டம் வந்தால் பெரிய ஆட்கள் வந்து கை கொடுப்பார்கள், போய் விடுவார்கள். பையனுக்கு மட்டும் ஓய்வு இல்லை. தோள் முழுவதும் களைக்கவில்லை. ஆனால் அந்தச் சின்ன நார்கள் களைத்து, நைந்து, வலிக்க ஆரம்பிக்கின்றன.

மூட்டை தூக்குகிறவர் இறக்கியதும் தோளைத் தொங்க விடுகிறார். கவலைப்படுகிறவர் இறக்குவதே இல்லை. வித்தியாசம் அங்கேதான். நார்வேயில் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பெண்களின் தோளில் மின்கம்பி ஒட்டிப் பார்த்தார்கள். வேலையின் நடுவே தசை ஒரு கண நேரம் முழுசாக ஓய்கிற சின்னச் சின்ன இடைவெளிகள் தெரிந்தன. ஒரு நொடி கூட இருக்காது. யாரிடம் இந்த இடைவெளி குறைவோ, அவர்களுக்குத்தான் பின்னால் தோள்வலி வந்தது. செய்தது எல்லோரும் ஒரே வேலைதான்!

ஸ்டாக்ஹோமில் உல்ஃப் லுண்ட்பெர்க் என்பவர் இன்னொன்று செய்தார். ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்து, அவசர அவசரமாக மனக்கணக்குப் போடச் சொன்னார். கையில் எந்த வேலையும் இல்லை. ஆனாலும் தோள் தசையில் மின் ஓட்டம் ஏறியது. பிறகு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண்களைச் சோதித்தார். வலி இருந்தவர்களிடம் வேலை நேரத்தில் தசை இறுக்கம் அதிகமாக இருந்தது.

நமது கடைக்காரர் ராத்திரி 12 முதல் 2 வரை கட்டிலில் போட்டதும் மனக்கணக்குத்தானே!

இந்த விளக்கம் எல்லா வலிக்கும் பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரே மாதிரிக் கவலை உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குத் தோள் பிடிக்கிறது, இன்னொருவருக்கு வயிறு கலங்குகிறது. ஏன் என்பதற்கு முழுப் பதில் இல்லை. ரத்தத்தில் கார்ட்டிசால் பார்த்து "உனக்கு இவ்வளவு கவலை" என்று சொல்லும் சோதனையும் கிடையாது. யாராவது அப்படி ஒரு டெஸ்டுக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்து விடலாம்.

தூக்கம் கெட்டால் உடம்பு வலிக்குமா?

கனடாவில் டொரண்டோ நகரில் மால்டோஃப்ஸ்கி என்ற டாக்டர் 1975-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். நோய் நொடி இல்லாத ஆட்களைத் தூங்க வைத்தார். அவர்கள் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும் சமயம் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தார். முழுசாக எழுப்ப மாட்டார். ஆழத்தில் இருந்து மேலே இழுத்து விடுவார், அவ்வளவுதான். காலையில் எழுந்தவர்கள் உடம்பெல்லாம் வலிக்கிறது, விறைப்பாக இருக்கிறது என்றார்கள். தோளையும் முதுகையும் விரலால் அமுக்கினால் முன்னைவிடச் சீக்கிரம் வலித்தது. தொந்தரவு இல்லாமல் தூங்க விட்டதும் அது குறைந்தது.

அதாவது, தூங்கிய மணி நேரம் மட்டும் கணக்கு இல்லை. ஆழம் கணக்கு. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் ராத்திரியின் முதல் பாதியில்தான் வருகிறது. கார்ட்டிசாலும் நடு ராத்திரியில் அடங்கி, விடியும் சமயம் ஏற வேண்டும். அதுதான் முறை. படுத்த பிறகும் கணக்கு ஓடினால், பைக் சத்தத்துக்குக் காது காத்திருந்தால், உடம்பு காவல்காரன் மாதிரி அரைத் தூக்கம்தான் தூங்கும்.

வலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று நரம்பு மண்டலத்தில் இருக்கிறது. ரேடியோவில் சத்தம் திருகுவது போல. மூளையில் இருந்து கீழே வரும் நரம்புகள் சாதாரண வலிகளை அடக்கி வைக்கின்றன. தூக்கம் கெட்டவர்களுக்கு இந்த அடக்குமுறை தளர்ந்து விடுகிறது. நேற்று வரை தெரியாத லேசான இழுப்பு இன்று வலியாகக் கேட்கிறது. வலியால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டதால் வலி கூடும். தண்டலை அடைக்கத் தண்டல் வாங்குகிற கதை.

"செட்டு மாத்திரை" செய்த வேலை!

இனி வருவதுதான் இந்த நிருபருக்கு ஆத்திரம் வந்த பகுதி.

தோள்வலி வந்ததும் கடைக்காரர் டாக்டரிடம் போகவில்லை. மருந்துக் கடைக்குப் போனார். "உடம்பு வலி" என்றார். ஒரு செட்டு கட்டிக் கொடுத்தார்கள். 30 ரூபாய். காகிதத்தில் மடித்த மூன்று மாத்திரை. பெயர் இல்லை, அட்டை இல்லை. போட்டதும் ஒரு மணி நேரத்தில் வலி பறந்தது. மறுநாள் சாயங்காலம் திரும்பியது. மறுபடி செட்டு. இப்படியே ஐந்து மாதம்!

பின்னால் டாக்டர் விசாரித்ததில், அந்தச் செட்டில் வலி மாத்திரை ஒன்று, வயிற்றெரிச்சல் மாத்திரை ஒன்று, குட்டியாக ஒன்று. அந்தக் குட்டிதான் ஆசாமி. ஸ்டீராய்டு. ஆஸ்த்மா, மூட்டுவாதம் போன்றவற்றுக்கு டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்கிற நல்ல மருந்துதான். கேள்வி கேட்பாரில்லாமல் மாதக் கணக்கில் தின்றால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு இளைக்கும். தூக்கத்தையும் அதுவே கெடுக்கும்! எந்தத் தூக்கம் இல்லாததால் வலி வந்ததோ, அதை மேலும் கெடுத்தது மருந்து.

ஐந்தாம் மாதம் பார்த்தால் கடைக்காரருக்கு பிரஷர் 160-க்கு மேல். சாப்பிடும் முன் சர்க்கரை 140. வலி மாத்திரையின் புண்ணியத்தில் சிறுநீரகம் வேலை செய்யும் அளவைக் காட்டும் கிரியாட்டினினும் கொஞ்சம் ஏறியிருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைப் படித்து விட்டு, பல வாரமாகச் செட்டு மாத்திரை போடுகிறவர்கள் இன்றைக்கே நிறுத்தி விடக் கூடாது. வெளியில் இருந்து ஸ்டீராய்டு வந்து கொண்டே இருந்தால், நமது அட்ரினல் சுரப்பி சொந்தமாகக் கார்ட்டிசால் செய்வதைக் குறைத்து விடும். திடீரென நிறுத்தினால் மயக்கம், வாந்தி, பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து வரலாம். டாக்டரிடம் உண்மையைச் சொல்லி, வாரம் வாரமாகக் குறைக்க வேண்டும். நமது கடைக்காரருக்கு அப்படித்தான் செய்தார்கள்.

நடுவில் இன்னொரு கூத்து. யாரோ சொன்னார்கள் என்று வெளியூரில் கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார். ஏழாயிரம் ரூபாய். மனைவியின் தோடு அடகுக்குப் போயிற்று. ரிப்போர்ட்டில் "டிஸ்க் பல்ஜ்" என்று இருந்தது. கழுத்தெலும்புச் சவ்வு கொஞ்சம் பிதுங்கி இருக்கிறது என்று அர்த்தம். போச்சு, ஆபரேஷன்தான் என்று வீட்டில் அழுகை. அன்று ராத்திரி சுத்தமாகத் தூக்கமில்லை.

ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,211 பேருக்கு இதே ஸ்கேன் எடுத்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 100-க்கு 87 பேருக்கு மேல் இந்தப் பிதுக்கம் இருந்தது! நரை முடி மாதிரிதான் அது. ரிப்போர்ட்டில் பல்ஜ் என்று வந்தாலே வலிக்குக் காரணம் அதுதான் என்று சொல்ல முடியாது. கை மரத்துப் போவது, பிடி தளர்வது இருக்கிறதா என்று டாக்டர் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை.

டாக்டர் சொன்னது

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்ட அரசு டாக்டர் ஒருவர் நம்மிடம் கூறியதாவது:-

"டெஸ்ட் எல்லாம் நார்மல்னு சொன்னா ஜனங்களுக்குக் கோவம் வருது. 'அப்போ நான் நடிக்கிறேனா?'ன்னு கேக்கறாங்க. நாங்களும் 'உங்களுக்கு ஒண்ணுமில்ல'ன்னு சொல்றது தப்பு. ஒண்ணுமில்லாம இல்லையே? தசை நிஜமாவே இறுகியிருக்கு. கையை வெச்சா கயிறு மாதிரி தட்டுப்படுது. அமுக்கினா துள்றாங்க. வலி நிஜம். எலும்புலயும் இதயத்துலயும் காரணம் இல்லை, அவ்வளவுதான்.

ஆனா கவலைதான்னு முதல்லயே முடிவு கட்டவும் கூடாது. நடந்தா மாடி ஏறினா நெஞ்சு அமுக்கி, நின்னா விடுதுன்னா அது இதயம். தாடைக்கோ கைக்கோ இழுத்து, குப்புன்னு வியர்த்தா உடனே கிளம்பணும். அந்த மனுஷன் ராத்திரி 108-க்குப் போன் பண்ணது ரொம்பச் சரி. வலியோட காய்ச்சல், காரணமில்லாம எடை இறங்கறது, கை கால் பலம் குறையறது, இதெல்லாம் வேற கதை. சர்க்கரை இருக்கறவங்களுக்குத் தோள் மூட்டே இறுகிடும், கையைத் தலைக்கு மேல தூக்கவே முடியாது. அது தசை இறுக்கம் இல்லை. தைராய்டு குறைஞ்சாலும் உடம்பு பூரா வலிக்கும். குறட்டை பெருசா விட்டு மூச்சு நின்னு நின்னு வந்தா தூக்கம் கெடும். இதையெல்லாம் ஒரு தடவை பார்த்துடணும். பார்த்த பிறகு மறுபடி மறுபடி ஸ்கேன் எடுக்கக் கூடாது."

கவலை வலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். "வலி இடம் மாறும், நேரம் பார்க்கும்" என்றார். ஒரு வாரம் நோட்டில் குறித்து வரச் சொல்வாராம். என்ன மணிக்கு வலி, அப்போது என்ன நடந்து கொண்டிருந்தது, முந்தின ராத்திரி எத்தனை மணி தூக்கம். நமது கடைக்காரரின் நோட்டை நானே பார்த்தேன். மளிகை லிஸ்ட்டுக்கு நடுவில் பென்சிலால் எழுதி இருந்தது. ஏழு நாளில் ஆறு நாள் வலி சாயங்காலம் 6 மணிக்குத் தொடங்கி இருக்கிறது. தண்டல்காரர் வருவது 8 மணி. வலி இல்லாத ஒரே நாள் ஞாயிறு. அன்று வசூல் கிடையாது!

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மனநல டாக்டராக இருந்த தயா சோமசுந்தரமும் இதையே பார்த்து எழுதியிருக்கிறார். வெளி நோயாளிகள் பகுதிக்கு வந்தவர்கள் பயம் என்றோ துக்கம் என்றோ சொல்லவில்லை. தலைவலி, உடம்பு உளைவு, நெஞ்சுப் படபடப்பு என்றே சொன்னார்கள். சொல்ல முடியாததை உடம்பு சொல்லி விடுகிறது போலும். தண்டல் பாக்கியை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா?

என்ன வைத்தியம்?

முதலில் மாத்திரையைக் குறைத்தார்கள். ஆறு வாரம் பிடித்தது. முதல் இரண்டு வாரம் வலி கூடியது. இது வரும் என்று டாக்டர் முன்பே சொல்லி விட்டதால் கடைக்காரர் பயப்படவில்லை. சிறுநீரக அளவு பழைய நிலைக்கு வந்தது.

அடுத்தது தோள். இதற்கு மருந்து இல்லை, செலவு இல்லை. அமெரிக்க டாக்டர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-ல் புத்தகமாக எழுதிய முறை. தசையை "தளர்த்து" என்றால் அதற்குத் தெரியாது. முதலில் வேண்டுமென்றே இறுக்க வேண்டும். இரண்டு தோளையும் காது வரை தூக்கி ஐந்து நொடி வைத்து, பொத்தென்று விட வேண்டும். பிறகு அரை நிமிடம் ஒன்றும் செய்யாமல், தோள் கனமாகத் தொங்குவதைக் கவனிக்க வேண்டும். ஐந்து முறை. இறுக்கத்துக்கும் தளர்ச்சிக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் புரிகிறது. கடைக்காரர் ஒவ்வொரு தடவை கல்லாவைச் சாத்தும்போதும் தோளைத் தொங்க விடுவது என்று வைத்துக் கொண்டார். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது கல்லா மூடும். எடுபிடிப் பையனுக்கு நூறு சின்ன ஓய்வு!

"மொத வாரம் ஒண்ணும் தெரியல தம்பி. கோமாளித்தனமா இருந்துச்சி. கடைக்கு வந்த பசங்க சிரிச்சாங்க" என்றார்.

தூக்கத்துக்கு டாக்டர் சொன்னது அவருக்கு முதலில் பிடிக்கவே இல்லை. சாயங்காலம் 4 மணிக்கு மேல் டீ கூடாது. டீயில் உள்ள காஃபின் பாதி இறங்கவே ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி 9 மணி டீ, படுக்கும்போதும் உள்ளே இருக்கும். கணக்கைக் கட்டிலில் போடக் கூடாது. கடை மூடும்போதே நாளைக்கு யாருக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதி மூடி விட வேண்டும். படுத்து இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து திண்ணையில் உட்கார வேண்டும், கண் சொருகினால்தான் திரும்பப் போக வேண்டும். புரண்டு கொண்டே கிடந்தால், கட்டில் என்றாலே கவலை என்று உடம்பு பழகி விடுமாம். எழுந்திருப்பது மட்டும் எந்த நாளும் அதே 4 மணி. அதற்கேற்ப, படுப்பது 12-ல் இருந்து பத்தரைக்கு வந்தது. சரியான தூக்கம் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

இதெல்லாம் செய்தும் தண்டல்காரர் எட்டு மணிக்கு வந்து கொண்டுதான் இருந்தார். அதை எந்தப் பயிற்சியும் நிறுத்தாது என்று டாக்டரே ஒப்புக் கொண்டார். மச்சான் ஒருவர்தான் வழி செய்தார். வீட்டில் மிச்சம் இருந்த நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்து, மூன்று தண்டலையும் ஒரே நாளில் முடித்தார்கள். தினம் 300 என்பது போய், மாதம் ஒரு தொகை என்று ஆயிற்று. மொத்தக் கடன் ஒரு ரூபாய் கூடக் குறையவில்லை. ஆனால் எட்டு மணி பைக் நின்றது.

அதற்கு மூன்றாவது வாரம், சாயங்காலம் ஆறு மணி வலி பாதியாகக் குறைந்தது என்று நோட்டு சொல்கிறது.

மனம் விட்டுப் பேச ஆள் இல்லாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 'டெலி மனஸ்' என்ற இந்த அரசு சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. தூக்கமின்மையோடு "இருந்து என்ன பயன்" என்ற நினைப்பும் சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் பேச வேண்டும். போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போய் வருகிற நிருபர் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். கடன் தொல்லை என்று எழுதப்படும் எஃப்.ஐ.ஆர்.களில், "சில மாதங்களாக உடம்பு வலி, தூக்கமில்லை என்று சொல்லி வந்தார்" என்ற வரியை வீட்டார் வாக்குமூலத்தில் பல தடவை படித்திருக்கிறேன்.

போன வாரம் சாயங்காலம் மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். அரிசி மூட்டைகள் இப்போது தரையில் இல்லை. முக்கால் அடி உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, பலகை போட்டு, அதன் மேல் வைத்திருக்கிறார். வெளியே மேகம் கட்டி இருந்தது. காற்று கிளம்பியது. கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். இரண்டு தோளும் மெல்ல மேலே ஏறின.

"அண்ணே, தோளு" என்றேன்.

"ஆமாம்பா" என்று சிரித்து, கல்லாவை ஒரு தடவை திறந்து மூடினார்.